கேலியம் நைட்ரைடு சார்ஜரும் பழைய சார்ஜரும்: அளவு, உஷ்ணம், முத்திரை

மடிக்கணினியோடு சில ஆண்டுகளுக்கு முன்பு வரை வந்துகொண்டிருந்த கறுத்த, நீண்ட சார்ஜரையும், இன்று அதே வேலைக்கென்று கடைகளில் விற்கப்படும் சிறு சதுரப் பெட்டியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு முதலில் ஆச்சரியமும் அதன் பின்னாலேயே சந்தேகமும் எழுவது இயல்பே. பழையது சுமார் 11 சென்டிமீட்டர் நீளமும் 4.5 அகலமும் 3 உயரமும் உடையது, புதியதோ 4.5 சென்டிமீட்டர் சதுரமும் 3.5 கனமும் கொண்டது. முதலாவதன் கன அளவு ஏறத்தாழ 148 கன சென்டிமீட்டர், இரண்டாவதோ 71. இரண்டும் 65 வாட் சக்தியைத் தருவதாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பாதி உடலில் முழு வேலையும் எப்படி நடைபெறுகிறது, அந்தச் சுருக்கத்துக்காக எதையேனும் நாம் இழக்கிறோமா, இழக்காமலிருக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். எங்கும் உதாரணமாக 65 வாட் சார்ஜரையே எடுத்துக்கொள்கிறேன். மெல்லிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதுமானது என்பதோடு, புதிய பொருளின் அனுகூலம் தெளிவாகத் தெரியத் தொடங்கும் அளவும் அதுவேயாகும்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவது. கைப்பேசிக்கும் கணினிக்கும் வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் 5 முதல் 20 வோல்ட் மின்சாரம். இந்த மாற்றத்தை மிகப் பழைய நாட்களில் இரும்புத் தகடுகளை அடுக்கிச் செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர் செய்துவந்தது. வானொலிப் பெட்டிக்கும் டேப் ரிக்கார்டருக்கும் போட்ட அந்தக் கனத்த எலிமினேட்டரை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அதற்குப் பின் வந்ததும், இந்த அத்தியாயத்தில் ‘பழைய சார்ஜர்’ என்று நான் குறிப்பிடுவதும், சிலிக்கன் டிரான்சிஸ்டரைக் கதவாக வைத்து இயங்கும் சார்ஜர்தான். அது முதலில் 230 வோல்ட்டை ஒருதிசை மின்சாரமாக்கி, சுமார் 325 வோல்ட் அழுத்தத்தில் ஒரு கெப்பாசிட்டரில் தேக்கிவைக்கிறது. பிறகு அந்தத் தேக்கத்தை விநாடிக்கு அறுபது, எழுபதாயிரம் முறையேனும் திறந்து மூடி, சிறு சிறு துண்டுகளாக ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வழியே அனுப்பி, மறுபுறத்தில் தாழ்ந்த அழுத்தமுள்ள மின்சாரமாகச் சேர்த்துக்கொள்கிறது.

அளவின் ரகசியம் முழுவதும் இந்தத் துண்டுகளின் எண்ணிக்கையில் அடங்கியிருக்கிறது. ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்கு நீரை இறைத்துக் கொட்டுகிறவர், அடிக்கடி இறைக்க வல்லவரானால் சிறு செம்பே அவருக்குப் போதும்; நிதானமாக இறைப்பவருக்குப் பெரிய குடம் வேண்டியிருக்கும்; சேரும் நீரின் அளவோ ஒன்றே. 65 வாட் சக்தியை விநாடிக்கு 65,000 துண்டுகளாக அனுப்பினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு மில்லிஜூல் ஆற்றலை டிரான்ஸ்பார்மர் தாங்கிச் செல்ல வேண்டும். 2,60,000 துண்டுகளாக அனுப்பினால் அதில் கால் பங்கே போதும். தாங்க வேண்டிய சுமை குறையக் குறைய டிரான்ஸ்பார்மரின் காந்தக் கட்டையும் செம்புச் சுற்றும் சிறுக்கின்றன. மறுபுறத்தில் மின்சாரத்தைச் சமப்படுத்தும் கெப்பாசிட்டர்களும் உடன் சிறுக்கின்றன.

அப்படியானால் சிலிக்கனையே இன்னும் வேகமாகத் திறந்து மூடியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்தக் கதவு ஒரு சிறு கட்டணத்தை உஷ்ணமாக வசூலித்துவிடுகிறது என்பதே அதற்குத் தடை. வேகத்தை நான்கு மடங்காக்கினால் அந்த விரயமும் ஏறத்தாழ நான்கு மடங்காகிச் சார்ஜரைச் சுட்டெரிக்கும். கேலியம் நைட்ரைடு என்னும் பொருளின் விசேஷம் இங்கேதான் வெளிப்படுகிறது. சிலிக்கனைக் காட்டிலும் சுமார் பத்து மடங்கு வலிய மின்புலத்தை அது உடையாமல் தாங்குவதால், அதே அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் டிரான்சிஸ்டரை மிகச் சிறியதாகச் செய்ய முடிகிறது. சிறியதானபடியால் அதைத் திறந்து மூடத் தேவையான மின்னூட்டமும் சொற்பமாகிறது. எனவே வேகத்தைக் கூட்டியும் விரயம் கூடுவதில்லை. இதே பொருளிலிருந்து நீல ஒளி தரும் டையோடுகளை உருவாக்கியதற்காகவே இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது, வீட்டு எல்.இ.டி. விளக்கினுள் ஒளி தருவதும் சார்ஜரினுள் கதவாக நிற்பதும் ஒரே பொருள்தான். சார்ஜருக்குள் அது சிலிக்கன் தகட்டின் மேல் வளர்த்த மெல்லிய படலமாகவே இருக்கிறது. 2020-இல் ஷியோமி நிறுவனம் 65 வாட் அளவிலும், 2021-இல் ஆப்பிள் நிறுவனம் 140 வாட் அளவிலும் இத்தகைய சார்ஜர்களை வெளியிட்ட பின்னர், கடைக்காரர்கள் ‘கேன் சார்ஜர்’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தச் சாதனம் எங்கும் பரவிவிட்டது.

இதுவரை சொன்னது புதிய பொருளின் பெருமை. ஆனால் பெட்டிக்குள் இருப்பவை அனைத்தும் இந்தப் பொருளால் சிறுத்துவிடுவதில்லை என்பதை வாங்குகிறவர் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். மூன்று அம்சங்கள் அப்படியே நிற்கின்றன. முதலாவது, 325 வோல்ட்டைத் தேக்கிவைக்கும் அந்தக் கெப்பாசிட்டர். சுவரின் மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு மீளுகிறது. அப்படித் தாழும் ஒவ்வோர் இடைவெளியிலும் சார்ஜரை நிற்கவிடாமல் காப்பாற்றுவது இந்தத் தேக்கமே. இடைவெளியை நிர்ணயிப்பது மின்வாரியம் அனுப்பும் மின்சாரத்தின் இயல்பேயன்றி நாம் வைக்கும் டிரான்சிஸ்டரின் வேகமன்று. ஆகவே எந்தப் பொருளைக் கதவாக வைத்தாலும் இந்தக் கெப்பாசிட்டர் குறுகுவதில்லை. சிறிய சார்ஜரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளிடத்தில் பெரும் பங்கை இந்த உருளையே அடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். இரண்டாவது, உஷ்ணம் வெளியேறுவதற்கு வேண்டிய மேற்பரப்பு. மூன்றாவது, ஆபத்தான மின்சாரம் ஓடும் பகுதிக்கும் நம் கை தொடும் பகுதிக்கும் நடுவே விட்டாக வேண்டிய இடைவெளி. பின்னிரண்டும் நம் பாதுகாப்பைப் பற்றியவையானபடியால் அவற்றைச் சற்று விஸ்தாரமாகவே பார்ப்போம்.

‘கேன் சார்ஜர் சுடாது’ என்று விற்பனையாளர் பலர் கூறுகின்றனர். இது பாதி உண்மை. கணக்காகப் பார்த்துவிடலாம். பழைய 65 வாட் சார்ஜர் 88 சதவீதத் திறன் உடையதென்று வைத்துக்கொள்வோம். அது 65 வாட்டை வெளியே தருவதற்குச் சுவரிலிருந்து சுமார் 73.9 வாட்டை எடுத்துக்கொள்கிறது, வித்தியாசமாகிய 8.9 வாட் உஷ்ணமாகிறது. புதியதன் திறன் 93 சதவீதமென்றால் அது எடுப்பது 69.9 வாட், உஷ்ணமாவது 4.9 வாட். ஆகவே விரயம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது என்பது மெய்யே. அந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கையில் படும் சூட்டை நிர்ணயிப்பது உஷ்ணத்தின் மொத்த அளவன்று. எவ்வளவு விஸ்தீரணத்தின் வழியே அது வெளியேறுகிறது என்பதே. மேலே கூறிய பழைய பெட்டியின் மேற்பரப்பு 192 சதுர சென்டிமீட்டர். புதியதன் மேற்பரப்பு 103.5 மட்டுமே. பழையதில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 46 மில்லிவாட் உஷ்ணத்தை வெளியேற்றுகிறது, புதியதில் 47. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையெனலாம். உஷ்ணத்தில் கிடைத்த ஆதாயம் முழுவதையும் தயாரிப்பாளர் அளவைச் சுருக்குவதிலேயே செலவழித்துவிட்டார் என்பதுதான் இதன் பொருள்.

பழைய சார்ஜர் கம்பியோடு தரையில் கிடந்து ஆறு பக்கமும் காற்றாடியது. புதியதன் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி மூடப்படுகிறது. ஆகவே நடைமுறையில் புதியது தொடுவதற்குச் சற்று அதிகமாகவே சுடலாம். அதைக் கண்டு பழுது என்று எண்ணித் திருப்பிக்கொடுக்க ஓடவேண்டியதில்லை. ஐ.இ.சி. 62368-1 என்னும் சர்வதேசப் பாதுகாப்புத் தரம், ஒரு சில விநாடிகள் மட்டுமே தொடப்படும் பிளாஸ்டிக் மேற்பரப்பு 77 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாமென்று அனுமதிக்கிறது. இந்த வரம்பு 25 டிகிரி சுற்றுப்புற உஷ்ணத்தை அடிப்படையாகக் கொண்டது. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊர் மாடியறைகளில் 38 டிகிரிக்குக் குறையாத பொழுதுகள் உண்டு. அப்போது சார்ஜரின் மேற்பரப்பும் அதே 13 டிகிரியைக் கூடுதலாகச் சுமக்கிறது. நல்ல சார்ஜர் தன் உள்ளுஷ்ணத்தைத் தானே அளந்து, எல்லையை நெருங்கும்போது கொடுக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கோடைப் பிற்பகலில் கணினி மெதுவாக ஏறுகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. அது தற்காப்பு, குறையன்று.

உஷ்ணத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய உண்மையான காரணம் கை சுடுவதன்று, ஆயுள் குறைவதே. முன்னர்ச் சொன்ன தேக்கக் கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. உஷ்ணம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது இத்துறையினர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் விதி. தலையணைக்கடியிலும் மெத்தையின் மடிப்பிலும் சார்ஜரைச் செருகிவைப்பவர், டிரான்சிஸ்டர் என்னதான் நவீனமானதாக இருந்தாலும், அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுளையே குறைக்கிறார். சார்ஜர் காற்றோட்டமுள்ள இடத்தில், திறந்த சுவர்ச் சாக்கெட்டில் இருக்கட்டும்.

சூடு எங்கே இருக்கிறது என்பதைக் கவனிப்பதும் அவசியம். கணினியின் மின்கலம் காலியாக இருக்கும்போது சார்ஜரை இணைத்து, அரை மணி நேரம் கழித்துப் பெட்டியின் உடலைத் தொட்டுப் பாருங்கள். உடல் முழுவதும் பரவலாகச் சூடாயிருந்தால் அது இயல்பு. சுவிட்சை அணைத்துச் சார்ஜரைக் கழற்றியவுடன், உடலைவிடச் சாக்கெட்டின் முகப்பு அதிகம் சுட்டாலும், துளைகளைச் சுற்றிக் கருத்திருந்தாலும், குற்றம் சார்ஜருடையதன்று. சாக்கெட்டினுள் பித்தளை நாக்குகள் தளர்ந்து பிடிப்பு இழந்துவிட்டன என்று அறிய வேண்டும். சிறியதாயினும் கனமுள்ள இந்தப் பெட்டி, தளர்ந்த சாக்கெட்டிலோ மலிவான மல்ட்டி-பிளக்கிலோ தொங்கும்போது பின் சாய்ந்து பொறி தட்டுவது நம் வீடுகளில் அடிக்கடி நேருகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டை மாற்றுவதே அதற்குப் பரிகாரம். மற்றொரு சோதனையும் எளியது: எதையும் இணைக்காமல் சார்ஜரை மட்டும் ஒரு மணி நேரம் சுவரில் விட்டுவைத்தால், நல்ல சார்ஜர் கைக்குச் சூடு தெரியாத அளவில் இருக்க வேண்டும். வெறுமனே இருந்தும் வெதுவெதுப்பாக இருக்கும் சார்ஜரையும், பிளாஸ்டிக் கருகும் வாடை வருவதையும், இணைத்திருக்கும்போது கைப்பேசித் திரையைத் தொட்டால் தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்று என்று தடுமாறச் செய்வதையும் தயக்கமின்றி விலக்கிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது, மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் உறுப்புகளைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்துவிட்டார் என்பதற்கு அடையாளம்.

இனி மூன்றாவது அம்சத்துக்கு வருவோம். சார்ஜருக்குள் இருக்கும் பலகையை இரண்டு பிரதேசங்களாகக் கொள்ளலாம்: ஒன்றில் 325 வோல்ட் உலவுகிறது, அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மற்றொன்றிலிருந்துதான் கம்பி புறப்பட்டு, குழந்தையும் கையாளும் கைப்பேசியில் முடிகிறது. இவ்விரண்டையும் பிரிப்பது பலகையின்மேல் விடப்பட்ட வெற்றிடமும், டிரான்ஸ்பார்மரின் கம்பிமேல் போர்த்திய காப்புறையுமே. வீட்டு மின்சாரத்துக்கு இந்த இடைவெளி பலகையின் பரப்பில் குறைந்தபட்சம் 5 மில்லிமீட்டர் அளவேனும் இருக்க வேண்டும். பொறுப்புள்ள தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் விட்டு, பலகையை அந்த எல்லைக்கோட்டில் அறுத்தும் வைக்கிறார்கள். இந்தத் தடுப்பு 3,000 வோல்ட் அளவிலான சோதனை அழுத்தத்தை ஒரு நிமிஷம் தாங்கி நிற்கிறதா என்று பரிசோதனைச் சாலையில் பார்க்கிறார்கள். டிரான்சிஸ்டர் சிறுத்தது என்பதற்காகக் காற்றின் குணமோ மின்சாரத்தின் குணமோ மாறிவிடவில்லை. 148 கன சென்டிமீட்டரில் வேண்டியிருந்த 5 மில்லிமீட்டர் 71 கன சென்டிமீட்டரிலும் வேண்டும். பெரிய பெட்டியில் அலட்சியமான தயாரிப்பாளர்கூட இடம் தாராளமாயிருந்த காரணத்தால் தற்செயலாகப் பாதுகாப்பாகச் செய்துவிடலாம். சிறிய பெட்டியிலோ ஒவ்வொரு மில்லிமீட்டரும் திட்டமிட்டே விடப்பட வேண்டும். ஆகையால் சார்ஜர் சிறுக்கச் சிறுக்க அதைச் செய்தவரின் நாணயத்தின்மேல் நாம் வைக்கும் பாரம் கூடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த நாணயத்தை வெளியிலிருந்து காண நமக்குள்ள ஒரே சாளரம் முத்திரைகளே.

இந்த இடத்தில் ஒரு வீண் அச்சத்தை நீக்கிவிடுவது நல்லது. இரண்டு முனைச் சார்ஜரில் இணைத்த உலோக உடல் மடிக்கணினியை விரல் நுனியால் வருடும்போது ஒரு மெல்லிய அதிர்வு தோன்றுவதுண்டு. இரைச்சலை அடக்குவதற்காக இரண்டு பிரதேசங்களுக்கும் நடுவே தரப்படி வைக்கப்படும் ஒரு விசேஷக் கெப்பாசிட்டர் வழியாக ஊறிவரும் அற்ப மின்சாரம் அது. தரங்கள் அதை அரை மில்லிஆம்பியருக்குள் கட்டுப்படுத்துகின்றன. அது அபாயமன்று. கையை உதறச் செய்யும் அதிர்ச்சி வேறு. அப்படி ஒருமுறை பட்டாலும் சுவிட்சை அணைத்துச் சார்ஜரைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். மறுபடி சோதித்துப் பார்க்கும் எண்ணமே கூடாது.

இந்தியாவில் விற்கப்படும் சார்ஜரில் முதன்மையாகத் தேட வேண்டியது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். 2012-ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட கட்டாயப் பதிவு ஆணையும் அதற்குப் பின் வந்த சேர்க்கைகளும், கணினிக்கும் கைப்பேசிக்குமான மின் அடாப்டர்கள் இப்பதிவின்றி விற்கப்படக் கூடாதென்று விதிக்கின்றன. முத்திரையின் மேற்புறத்தில் `IS 13252 (Part 1)` என்றோ, புதிய தரத்தின்படி `IS/IEC 62368-1` என்றோ எழுதியிருக்கும். கீழே `R-` என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் வரும். மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பார்த்துப் பழகிய ஐ.எஸ்.ஐ. முத்திரையில் `CM/L` என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். சார்ஜருக்கு உரியது அதுவன்று. பழக்கத்தினால் ‘ஐ.எஸ்.ஐ. இருக்கிறதா’ என்று வாடிக்கையாளர் கேட்பதும், கடைக்காரர் ‘இருக்கிறது’ என்று தலையாட்டுவதும் யாருக்கும் பயன்படாத சம்பாஷணையாகும். `R-` எண்ணைக் கேளுங்கள்.

எண் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது. மை எவருக்கும் கிடைக்கும். அமைவனத்தின் `BIS Care` என்னும் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, பதிவு எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எட்டு இலக்கங்களையும் இட்டுப் பார்த்தால், எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்கு, எந்த வியாபாரப் பெயருக்கு அது கொடுக்கப்பட்டது, இன்னும் அமலில் இருக்கிறதா என்னும் விவரங்கள் திரையில் வரும். பதிவு என்பது ஒரு தொழிற்சாலைக்கும் ஒரு பொருளினத்துக்கும் உரியது. நிறுவனத்தின் எல்லாச் சரக்குகளுக்கும் பொதுவானதன்று. ஆகவே எண் செல்லுபடியாவதாகத் தெரிந்தாலும், பொருள் என்னும் இடத்தில் அடாப்டருக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கோ பவர் பேங்கோ இருந்தால், வேறொன்றின் எண்ணை இதன் முதுகில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பெட்டியில் உள்ள வியாபாரப் பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒன்றுபட வேண்டும். மாதிரிக்காக அனுப்பிய சார்ஜரையே பரிசோதனைச் சாலை சோதித்தது. நம் கைக்கு வந்ததை அன்று. அந்த வரம்பு இதற்கு உண்டு. எனினும் சோதனைக்கே போகாத சரக்கை விலக்குவதற்கு இதைவிட நம்பகமான வழி வாங்குகிறவரிடம் வேறில்லை.

மற்ற முத்திரைகளை அவற்றின் தகுதிக்கேற்ப மதிக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருப்பது இரட்டைக் காப்பு உண்டு என்பதன் குறி. எர்த் முனை இல்லாத சார்ஜரில் இது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். சி.இ. என்னும் எழுத்துக்கள் ஐரோப்பியச் சந்தைக்கான அடையாளம். இத்தகைய பொருளுக்கு அதைத் தயாரிப்பாளர் தம் சொந்தப் பொறுப்பிலேயே இட்டுக்கொள்கிறார், மூன்றாமவர் எவரும் சோதித்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. யு.எல்., டி.யூ.வி. போன்றவை சுதந்திரமான பரிசோதனை நிறுவனங்களின் முத்திரைகள். அவற்றின் மதிப்பு அதிகம், ஆனால் போலிகளும் அதே காரணத்தால் அதிகம். வட்டத்துக்குள் `VI` என்னும் ரோமன் எண் பாதுகாப்பைக் குறிப்பதன்று, மின் சிக்கனத்தைக் குறிப்பது. 65 வாட் சார்ஜருக்கு அது சராசரியாக 88 சதவீதத் திறனாவது இருப்பதாகவும், எதையும் இணைக்காத நிலையில் 0.21 வாட்டுக்கு மேல் உண்பதில்லை என்றும் பொருள்படும். வெறுமனே விட்டால் குளிர்ந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்ன சோதனைக்கு ஆதாரமும் இதுவே. ‘கேன்’ என்று அச்சிட்டிருப்பதற்கோ எந்த முத்திரையும் எந்தச் சாட்சியமும் கிடையாது. பெட்டியை உடைத்தாலொழிய உள்ளே இருப்பது கேலியம் நைட்ரைடா சிலிக்கனா என்று நம்மால் அறிய இயலாது. அந்தச் சொல்லுக்காக மட்டும் பணம் கொடுக்கலாகாது.

லேபிளில் உள்ள எண்களையும் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பது நன்று. வெளியீடு என்னும் வரியில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால் 65 வாட் சரியே. முகப்பில் பெரிய எழுத்தில் 65 என்றும் பின்புறத்துச் சிறிய எழுத்தில் 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என்றும் இருந்தால் அது 45 வாட் சார்ஜர்தான். இரண்டு மூன்று வாய்கள் உள்ள சார்ஜரில், எல்லா வாய்களுக்கும் சேர்த்தே 65. கைப்பேசியை இரண்டாம் வாயில் செருகியவுடன் கணினிக்குக் கிடைப்பது 45 ஆகக் குறையும் வகைகள் பல. சாதாரண சி-வகைக் கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் அனுமதிப்பதில்லையாதலால், 5 ஆம்பியர் கேபிள் இல்லாதவருக்கு 65 வாட் சார்ஜரும் 60 வாட்தான் தரும்.

யார் இதை வாங்க வேண்டும் என்னும் கேள்விக்கு என் விடை சுருக்கமானது. 20 வாட் கைப்பேசிச் சார்ஜர் மட்டும் தேவைப்படுகிறவர் அதிக விலை கொடுக்கவேண்டியதில்லை. அந்த அளவில் சிலிக்கனே போதுமான சிறுமையில் கிடைக்கிறது. மேஜையை விட்டு அசையாத கணினிக்குப் பழைய சார்ஜர் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தால் அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை. விசாலமான உடல் அதற்கு ஒரு நன்மையே. தினமும் பையில் சுமந்து செல்பவரும், கணினி, கைப்பேசி இரண்டுக்கும் ஒரே சார்ஜரை நாடுபவரும் புதியதைத் தாராளமாக வாங்கலாம். ஒரே சக்தியுள்ள இரண்டு சார்ஜர்களில் எது மிகச் சிறியதோ அதையே தேர்ந்தெடுக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். சற்றுப் பெரியதற்கு மேற்பரப்பு அதிகம், ஆகவே சூடும் குறைவு.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன்பே `R-` எண்ணைத் திரையில் இட்டுப் பாருங்கள். எண் பொய்யானால் வாங்காமல் திரும்புவதோடு நின்றுவிடாமல், அதே `BIS Care` செயலியில் உள்ள புகார்ப் பகுதியில் லேபிளின் படத்தோடு ஒரு புகாரையும் பதிவு செய்யுங்கள். அந்தச் சரக்கை அடுத்து வாங்கவிருப்பவர் எண்ணைச் சரிபார்க்கத் தெரியாதவராக இருக்கக்கூடும்.